ஐந்தாம் இயலை இரண்டாகப் பிரித்தேன்: கைடுக்கு எழுதிய கவரிங் லெட்டர்

என் ஆய்வேட்டின் திருத்திய வரைவைப் போன மாதம் கைடிடம் கொடுத்தேன். பழைய வரைவில் இருந்த இயல் வரிசை இதில் இல்லை. அதனால் கூடவே ஒரு கவரிங் லெட்டரும் வைத்தேன். பிஎச்.டி. செய்யும் நண்பர்கள் சிலர் அந்தக் கடிதத்தைக் கேட்டார்கள். கடிதத்தை மட்டும் அனுப்பினால் அது எதற்காக அப்படி எழுதப்பட்டது என்று தெரியாது. எனவே கடிதத்தோடு அதன் பின்னணியையும் இங்கே எழுதுகிறேன்.

என் தலைப்பு கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை வட்டாரமும். கண்டலேறு அணையிலிருந்து புறப்படும் கால்வாய் ஆந்திராவுக்குள் 152 கிலோமீட்டர் ஓடி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து பூண்டி ஏரிக்கு இன்னும் 25 கிலோமீட்டர். ஜீரோ பாயிண்டில் எத்தனை கனஅடி வந்தது என்பது சென்னைக்காரர்களுக்குச் செய்தி. அந்தக் கால்வாய் கடந்துபோகும் ஊர்களில் அது என்ன செய்தது என்பது என் கேள்வி.

பழைய வரைவு காலவரிசையில் இருந்தது. முதல் இயல் முன்னுரை, இரண்டாவது முன்னாய்வுகள். மூன்றாவதில் ஒப்பந்தங்கள். மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தருவதாக 1976-இல் ஒப்புக்கொண்டதும், 1983-இல் தமிழ்நாடும் ஆந்திராவும் செய்த ஒப்பந்தமும் அதில் வரும். நான்காவதில் கால்வாயின் கட்டுமானம், 1996-இல் பூண்டிக்குத் தண்ணீர் வந்தது, வழியில் ஏற்பட்ட இழப்பு, பிறகு சத்ய சாயி அறக்கட்டளையின் செலவில் நடந்த சீரமைப்பு. ஐந்தாவதில்தான் ஊத்துக்கோட்டை வட்டாரத்தின் ஏரிகள், கிணறுகள், போகங்கள். ஆறாவதில் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் பக்கத்துச் சிப்காட்டும். ஏழாவது முடிவுரை.

காலவரிசை கெட்ட வரிசை இல்லை. ஒரு திட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அதுதான் இயல்பு. ஆனால் என் கைடு நான்காம் இயலின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்தக் கிணறுகள் எங்கே இருக்கின்றன? வாசகர் இன்னும் பார்க்கவில்லையே." ஒரு பத்தியை விரித்து எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் பட்டது. அந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோது, ஐந்தாம் இயலின் முதல் பாதி முழுவதையும் அங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. கேள்வி ஒரு பத்தியைப் பற்றியதாக இருக்கவில்லை, வரிசையைப் பற்றியதாக இருந்தது.

அப்போது ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு இயலுக்கும் ஒரு தாள் எடுத்து, அந்த இயலைப் புரிந்துகொள்ள வாசகருக்கு முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். அந்த இயல் என்ன சொல்கிறது என்பதை எழுதவில்லை. அது எனக்குத் தெரியும். பிறகு, தெரிந்திருக்க வேண்டியவை ஒவ்வொன்றும் எந்த இயலில் கிடைக்கிறது என்று பக்கத்தில் குறித்தேன். பின்னால் வரும் இயலின் எண் எங்கெல்லாம் விழுகிறதோ, அங்கெல்லாம் வாசகர் குருட்டாம்போக்கில் படிக்கிறார் என்று பொருள். மூன்றாம் இயலின் தாளிலும் நான்காம் இயலின் தாளிலும் "இயல் 5" என்பது திரும்பத் திரும்ப வந்தது. ஐந்தாம் இயலின் தாளிலோ, அதன் முதல் பாதிக்கு எந்த இயலும் தேவைப்படவில்லை. பின்பாதிக்கு மூன்றும் நான்கும் தேவைப்பட்டன. அந்த இயல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிட்டது.

இதில் இரண்டு இடங்களை மட்டும் விளக்குகிறேன். கடிதத்தின் பாரம் முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

முதலாவது, 1983 ஒப்பந்தத்தின் கணக்கு. 15 டி.எம்.சி.யில் ஆவியாதலுக்கு 3 கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி. தர வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. பழைய வரிசையில் இதைப் படிக்கிறவருக்கு இது வெறும் கூட்டல் கழித்தல். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் போகங்கள் தெரிந்தவருக்கு அந்த மாதப் பெயர்கள் வேறு மாதிரி ஒலிக்கும். சொர்ணவாரி சித்திரையில் தொடங்கி ஆடியில் முடியும். பிறகு சம்பா. மார்கழி, தையில் நவரை நட்டு பங்குனி, சித்திரையில் அறுப்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்ட பிறகு வளரும் பயிர் நவரை. ஏரித் தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றை நம்பி நிற்கும் பயிர். ஒப்பந்தத்தின் இரண்டாம் தவணையான அந்த 4 டி.எம்.சி. வருகிற மாதங்களும் இவையேதான். கிணற்று மோட்டார் மணிக்கணக்கில் ஓடும் மாதங்களில், வயலுக்குப் பக்கத்துக் கால்வாயில் சென்னைக்கான குடிநீர் ஓடுகிறது. அந்த நீரை எடுக்கக் கூடாது. என் ஆய்வின் மையமே இந்த ஒரு நிலைமைதான். போகங்களை ஒப்பந்தத்துக்கு முன்னால் வைத்தால், ஒப்பந்த வாசகத்தைப் படிக்கும்போதே வாசகர் இதைக் கண்டுகொள்வார். பின்னால் வைத்தால் மூன்றாம் இயலை மீண்டும் புரட்ட வேண்டும், யாரும் புரட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, 'இழப்பு' என்று நான்காம் இயலில் வருவது. மண்கரைக் கால்வாயில் தண்ணீர் ஊறிக் கீழே இறங்கும், கரையை அரிக்கும். சாயி அறக்கட்டளையின் சீரமைப்பு அதைக் குறைத்தது. பொறியியல் அறிக்கைகளில் ஊறிப்போன நீர் இழப்புக் கணக்கில் வரும். சென்னையிலிருந்து பார்த்தால் அது சரிதான். கால்வாய்க் கரையோரத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு அந்த ஊற்று வரவு. ஒரே தண்ணீர் ஒரு கணக்கில் இழப்பாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதப்படுகிறது. கிணறுகளை அறிமுகப்படுத்தாமல் சீரமைப்பைச் சொன்னால், வாசகர் சென்னையின் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே போவார். பிறகு ஐந்தாம் இயலில் நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அது ஒரு முறையீடு போலத் தெரியுமே தவிர, கணக்கின் மறுபக்கமாகத் தெரியாது.

இன்னொரு சின்ன காரணமும் உண்டு. வெளியூர்க்காரர்கள் ஆரணி ஆற்றையும் கால்வாயையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பிச்சாட்டூர் அணையைத் திறந்ததும் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தை மூழ்கடித்த வெள்ளம் ஆரணி ஆற்றினுடையது. அது பழவேற்காடு ஏரிக்குப் போய்ச் சேரும், பூண்டிக்குப் போகாது. இந்தப் படத்தை வாசகர் முதலிலேயே பார்த்துவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை.

இனி கடிதம்.

இதை எழுதுவதற்கு முன் வேறு சிலருடைய கவரிங் லெட்டர்களைப் பார்த்தேன். "வாசிப்பு ஓட்டம் சீராக அமையும் பொருட்டு இயல்களின் வரிசை மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்கிற வாக்கியம் பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருந்தது. எந்த ஆய்வேட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் அது. இதைப் படிக்கும் கைடு என்ன செய்வார்? ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முழு வரைவையும் முதலிலிருந்து படித்துத்தான் ஆக வேண்டும். ஒரே சமயத்தில் பல மாணவர்களின் வரைவுகளைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அது மாதக்கணக்கான வேலை. கடிதம் அவருடைய படிப்பைக் குறைக்க வேண்டும். எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கத் தேவையில்லை, எதில் அவருடைய முடிவு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் கொடுத்தது இது:

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திருத்திய வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். நான்காம் இயலின் ஓரத்தில், கிணறுகளை வாசகர் இன்னும் பார்க்கவில்லை என்று குறித்திருந்தீர்கள். அதைத் தொடர்ந்து போனதில் இயல்களின் வரிசையையே மாற்ற வேண்டி வந்தது.

மாற்றம் இதுதான். பழைய ஐந்தாம் இயல் இரண்டாகப் பிரிந்துள்ளது. நிலம், ஏரி, கிணறு, போகம் ஆகியவற்றைச் சொல்லும் முதல் பகுதி இப்போது இயல் 2. கால்வாய் வந்த பிறகு நேர்ந்தவற்றைச் சொல்லும் பகுதி இயல் 5 ஆகவே நிற்கிறது. பழைய இரண்டாம் இயலான முன்னாய்வுகள் தனி இயலாக இல்லை. பொதுவானவை முன்னுரைக்கும் மற்றவை உரிய இயல்களின் தொடக்கத்துக்கும் சென்றுள்ளன. இயல்கள் 3, 4, 6, 7 தம் எண்ணிலேயே உள்ளன.

காரணம்: 1983 ஒப்பந்தத்தின் ஜனவரி–ஏப்ரல் தவணை நவரைப் போகத்தோடு ஒன்றிப்போவதும், கால்வாயில் ஊறிய நீர் கரையோரக் கிணற்றுக்கு வரவாவதும் இந்த ஆய்வின் இரண்டு முக்கிய வாதங்கள். போகங்களையும் கிணறுகளையும் அறியாமல் இயல்கள் 3, 4-ஐப் படிப்பவருக்கு இரண்டு வாதங்களும் புலப்படா.

மாறாதவை: ஆய்வுக் கேள்வி, களத் தரவுகள், அட்டவணைகளின் உள்ளடக்கம், முடிவுகள். இயல்கள் 3, 4, 6-இல் முன்னாய்வுப் பகுதியும் இணைப்பு வாக்கியங்களும் தவிர வேறு மாற்றம் இல்லை. அவற்றை மீண்டும் படிக்கத் தேவையில்லை.

புதிதாக எழுதியவை: இயல் 2-இன் இறுதிப் பகுதி, இயல் 5-இன் தொடக்கம், முன்னுரையில் இயல் பகுப்பைச் சொல்லும் பகுதி. இந்த மூன்றையும் பார்க்க வேண்டுகிறேன்.

இந்த வரிசையால் ஒன்றை இழக்கிறோம். திட்டத்தின் வரலாறு ஒரே தொடர்ச்சியாக வராது. அதை ஈடுசெய்ய, 1976 முதல் 2020 வரையிலான நிகழ்வுகளை ஒரே பக்கத்தில் காலவரிசையாக முன்னுரைக்குப் பின் வைத்துள்ளேன். அது போதுமா என்று சொல்லுங்கள்.

உங்கள் முடிவு வேண்டியவை இரண்டு. வரிசை மாற்றம் ஏற்புடையதா? நீர்த்தேக்கத்தையும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டையும் இயல் 6-இல் ஒன்றாக வைத்திருப்பது சரியா, பிரிக்க வேண்டுமா? சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன் இவை உறுதியானால், அதில் புதிய வரிசையையே குறிப்பிடலாம்.

பழைய வரிசையில் அமைந்த கோப்பும் என்னிடம் உள்ளது. தேவையானால் அதற்கே திரும்பலாம்."

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. இழப்பைச் சொல்லும் பத்தியைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்டார், நம் வேலையின் குறையை நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று. எந்த வரிசைக்கும் ஒரு விலை உண்டு. அதை நான் சொல்லாவிட்டால் கைடு தானாகவே கண்டுபிடிப்பார். அப்போது நான் யோசிக்காமல் மாற்றினேன் என்று ஆகும். சொல்லி, கூடவே மாற்று ஏற்பாட்டையும் வைத்தால் பேச்சு நேராக அந்த ஏற்பாடு போதுமா என்பதற்குப் போய்விடும். போனது அப்படித்தான்.

சினாப்சிஸ் பற்றிய வரி முக்கியம். சினாப்சிஸில் இயல் பகுப்பை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு ஆய்வேட்டில் வேறு வரிசை இருந்தால், தேர்வாளர் கையில் இரண்டும் இருக்கும், விளக்கம் கேட்பார். டாக்டரல் கமிட்டியிலும் கேள்வி வரும். மாற்றுவதானால் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

உம்பர்த்தோ எக்கோ 1977-இல் ஆய்வேடு எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். பொருளடக்கத்தை முதலிலேயே எழுதிவிட வேண்டும், வேலை நடக்க நடக்க அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பார். பொருளடக்கம் அவருக்கு ஒரு கருதுகோள். நம் ஊரில் பதிவுசெய்யும்போது கொடுத்த இயல் பகுப்பைக் கல்வெட்டாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. களத்துக்குப் போய் வந்த பிறகும் அது மாறாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

கடிதத்தோடு அனுப்பும் கோப்புகளிலும் கவனம் வேண்டும். வேர்டில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் `Compare` கொடுத்தால், இடம் மாறிய இயல் ஒரு இடத்தில் முழுக்க நீக்கப்பட்டதாகவும் இன்னொரு இடத்தில் முழுக்கச் சேர்க்கப்பட்டதாகவும் வந்து நிற்கக்கூடும். ஒரு சொல்கூட மாறாத பக்கங்கள் எல்லாம் நிறம் மாறித் தெரியும். அதைப் பார்க்கிறவர் எல்லாமே மாறிவிட்டது என்றுதான் நினைப்பார். நான் இயல் இயலாகப் பிரித்து ஒப்பிட்டேன். பழைய ஐந்தின் முதல் பாதியைத் தனிக் கோப்பாக்கி அதைப் புதிய இரண்டோடு, பின்பாதியைப் புதிய ஐந்தோடு. அப்போது உண்மையில் மாறிய வாக்கியங்கள் மட்டும் தெரிந்தன. ஒப்பீட்டுக் கோப்புகள் ஒரு பக்கம், படிப்பதற்குச் சுத்தமான பிரதி ஒரு பக்கம் என்று இரண்டையும் கொடுத்தேன்.

இயலை நகர்த்தும்போது உடைபவற்றில் சிலவற்றைக் கணினி பார்த்துக்கொள்ளும். அட்டவணை எண்களையும் குறுக்குக் குறிப்புகளையும் வேர்டின் `Cross-reference` வழியாகப் போட்டிருந்தால், `Ctrl+A` கொடுத்து `F9` தட்டினால் எண்கள் புதிதாகும். அடிக்குறிப்புக்குள் இருப்பவை அதில் சேராது, அடிக்குறிப்புப் பகுதிக்குள் கர்சரை வைத்து மறுபடி ஒருமுறை அதையே செய்ய வேண்டும். எங்காவது `Error! Reference source not found.` என்று வந்தால், அந்தக் குறிப்பு சுட்டிய இடம் அழிந்துவிட்டது என்று அர்த்தம்.

கணினிக்குத் தெரியாதவை வேறு. "மேற்கண்ட", "முற்கூறிய", "முன் இயலில்", "அடுத்து வரும் இயலில்", "இதுவரை கண்டவை" ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை முதலில் விளக்கும் இடமும் நகர்ந்துவிடும். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி என்ற விளக்கம் என் பழைய மூன்றாம் இயலில் இருந்தது. புதிய இரண்டாம் இயலில் பூண்டியின் கொள்ளளவைச் சொல்லும்போதே அந்தச் சொல் வந்துவிடுகிறது. விளக்கத்தையும் அங்கே கொண்டுபோனேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அடிக்குறிப்புகளில் வரும் "மேலது". தமிழில் எழுதும் ஆய்வேடுகளில், முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன நூலையே மறுபடி சுட்ட "மேலது, ப. 34" என்று போடுகிறோம். சற்று முன்னால் சொன்ன நூலுக்கு "மு.நூ." போடுகிறோம். ஓர் இயலை முழுசாக நகர்த்தினால் இவை பிழைத்துக்கொள்ளும். இயலைப் பிளந்தாலோ, ஒரு பகுதியை வேறு இயலுக்குள் செருகினாலோ, "மேலது" தனக்கு மேலே இப்போது எது இருக்கிறதோ அதைச் சுட்டும். 1983 ஒப்பந்தத்தைச் சுட்ட வேண்டிய குறிப்பு ஒரு மாவட்டக் கையேட்டைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அட்டவணை எண் தவறினால் கண்ணில் படும். இது படாது, ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். தேர்வாளர் அந்த நூலைத் திறந்து 34-ஆம் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும், அப்படிப் பார்க்கும் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். நகர்த்துவதற்கு முன் எல்லா "மேலது"வையும் முழு நூற்பெயராக மாற்றினேன். வரிசை முடிவான பிறகு மறுபடி சுருக்கிக்கொள்ளலாம்.

கைடு இரண்டு வாரத்தில் கூப்பிட்டார். வரிசை மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். காலவரிசைப் பக்கத்தில் 1944-ஐயும் சேர்க்கச் சொன்னார், பூண்டி நீர்த்தேக்கம் வந்த ஆண்டு. கால்வாய் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்து நீர் சென்னைக்குப் போகத் தொடங்கிவிட்டது என்பது அதில் தெரிய வேண்டும் என்றார். சரியான திருத்தம், என் மனதில் வராதது. இயல் 6-ஐப் பொறுத்தவரை நீர்த்தேக்கத்தையும் சிப்காட்டையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். இரண்டு ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. கொள்ளும்படி கட்டி 2020 நவம்பரில் திறந்த நீர்த்தேக்கம் குடிநீரின் கதை, பக்கத்துச் சிப்காட் நிலத்தின் கதை, ஒரே ஊர்ப் பெயர் என்பதற்காக ஒன்றாக வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். நான் ஒத்துக்கொண்டேன். சிப்காட் பகுதி ஆய்வேட்டை விட்டே வெளியேறுகிறது. அதைத் தனிக் கட்டுரையாக எழுதப்போகிறேன்.

வரிசையை மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவரிங் லெட்டரை இயல்களை நகர்த்துவதற்கு முன்பே எழுதிப் பாருங்கள். "காரணம்" என்கிற பத்தியில் உங்கள் ஆய்வுக்கு மட்டுமே பொருந்தும் இரண்டு வாக்கியங்களை எழுத முடியவில்லை என்றால், பழைய வரிசையைத் தொடாதீர்கள்.